மாதத் தேதியா, எச்சரிக்கை மணியா, தினக் கூடையா? எலுமிச்சை தரம் பிரிக்கும் மாடலுக்கு எப்போது மறுபயிற்சி தருவது

புளியங்குடிப் பக்கம் ஓர் எலுமிச்சைக் கிடங்கில் கேமரா வைத்துத் தரம் பிரிக்கும் வரிசை ஒன்றை இரண்டு வருடமாகக் கவனித்து வருகிறேன். பெரிய காய், பொடிக் காய் என்று அளவு பிரிப்பதைச் சல்லடையே செய்துவிடும். படங்களைக் காட்டித் தரம் சொல்லப் பழக்கிய கணினி நிரலைத்தான் மாடல் என்கிறோம்; அதன் வேலை தோலைப் பார்ப்பது மட்டும். ஆறு தடங்களில் காய்கள் உருண்டு வரும்; ஒவ்வொரு காயும் உருளும்போது கேமரா அதை ஐந்தாறு படம் எடுக்கும்; முதல் தரமா, ஊறுகாய்க்கா, கழிவா என்று மாடல் சொல்லும்; அதன்படி காற்றுக் குழாய் காயைத் தட்டி உரிய தட்டில் தள்ளும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 40,000 காய்.

கிடங்கு அண்ணாச்சி இப்போது இரண்டாவது கிடங்கிலும் இதே வரிசையைப் போடுகிறார். போடுவதற்கு முன்னால் என்னை உட்காரவைத்து ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பி, மாசம் பொறந்தா மாடலுக்குப் பாடம் நடத்தணுமா? இல்ல, கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்ச பொறவு நடத்துனா போதுமா? ரெண்டுல எதுக்கு நான் ஆள் போடணும்?"

ஓடிக்கொண்டிருக்கும் மாடலைப் பராமரிக்கும் எவருக்கும் வரும் கேள்வி இது. மாடலைப் பழக்கிய நாளில் வந்த காயும் இன்று வரும் காயும் ஒன்றல்ல. இந்த விலகலைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். அதைச் சமாளிக்க மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. முதல் வழியில் தேதி வைத்துக்கொண்டு, மாதம் ஒன்றாம் தேதி ஆனால் புதுப் படங்களைச் சேர்த்து மறுபயிற்சி கொடுத்துவிடுவார்கள். இரண்டாவதில், உள்ளே வரும் படங்களின் நிறம், வெளிச்சம் போன்றவற்றைக் கணினியே அளந்து, பழைய அளவிலிருந்து விலகினால் மணி அடிக்கும். மணி அடித்தால் மட்டும் மறுபயிற்சி. மூன்றாவது வழியில் தினமும் கொஞ்சம் காயைக் குலுக்கல் முறையில் எடுத்து, மனிதக் கையால் தரம் பார்த்து, மாடல் சொன்னதோடு ஒப்பிட்டு, அந்தக் கணக்கு சொல்வதைக் கேட்டு நடப்பார்கள். இதை நாங்கள் தினக் கூடை என்று சொல்கிறோம்.

இந்த மூன்றையும் நாங்கள் வெவ்வேறு காலத்தில் செய்து பார்த்திருக்கிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆள் போடுவதாக இருந்தால் தினக் கூடைக்குப் போடுங்கள். தேதியும் வேண்டும், மணியும் வேண்டும், ஆனால் அவை கூடைக்குக் கீழே நின்று வேலை செய்யவேண்டும். ஏன் என்பது ஒரு வருடத்தின் மூன்று சம்பவங்களில் தெரியும்.

ஐப்பசி: தேதி ஏமாற்றியது

முதல் வருடம் நாங்கள் தேதி வழியில்தான் போனோம். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு தட்டுகளில் தவறு கூடியது. ஒன்றாம் தேதி வந்தது. கடந்த மாதப் படங்களைக் கொடுத்துப் பயிற்சி செய்தோம். நூறு காயில் மாடல் எத்தனையைச் சரியாகச் சொல்கிறது என்ற கணக்கைச் சரி என்போம்; 88-க்கு இறங்கியிருந்த சரி 92-க்கு ஏறியது. எல்லாருக்கும் சந்தோஷம். கார்த்திகையில் ஒரு நாள் வரிசையைக் கழுவிய பையன் கேமராவின் முன் கண்ணாடியையும் துடைத்தான். அன்று மாலையே சரி 85-க்கு விழுந்தது.

நடந்தது இதுதான். எலுமிச்சைத் தோலில் எண்ணெய் இருக்கிறது. காய்கள் உரசும்போது அந்த எண்ணெய் மெல்லிய படலமாகக் கண்ணாடியில் படிந்து, மழை ஈரத்தோடு சேர்ந்து படத்தை மங்கலாக்கியிருந்தது. நாங்கள் மாடலுக்கு மங்கல் படங்களில் பாடம் நடத்தியிருக்கிறோம். கண்ணாடி துலங்கியதும் தோலில் இயல்பாக இருக்கும் எண்ணெய்க் குழிகள் பளிச்சென்று தெரிந்தன. மங்கலில் பழகிய மாடல் அவற்றைச் சொறி என்று எண்ணி, நல்ல காயை ஊறுகாய்த் தட்டுக்குத் தள்ளியது. துணியால் துடைக்கவேண்டியதை நாங்கள் பயிற்சியால் சரிசெய்யப் பார்த்தோம்.

தேதி வழியின் பலவீனம் இதுதான். ஏன் கெட்டது என்று அது கேட்பதில்லை. கோளாறையும் இயல்பையும் ஒன்றாகவே கற்றுக்கொடுத்துவிடும்.

இதற்குப் பிறகு தினமும் காலையில் முதல் மூட்டையை அவிழ்க்கும் முன் ஓர் அட்டையை வரிசையில் ஓட்டுகிறோம். பளபளப்பு இல்லாத அட்டை. அதில் வெள்ளை, காய்ப் பச்சை, பழ மஞ்சள் என மூன்று கட்டங்களும், நெருக்கமான கறுப்புக் கோடுகளும் இருக்கும். கட்டங்களின் நிறம் மாறினால் விளக்கில் கோளாறு. கோடுகள் கலங்கினால் கண்ணாடியில் அழுக்கு. அட்டையும் மாறி, காயும் மாறித் தெரிந்தால் கருவியைப் பார்க்கவேண்டும். அட்டை மாறாமல் காய் மட்டும் மாறினால்தான் அது உண்மையான மாற்றம். இரண்டு நிமிட வேலை. கேமரா வைத்து எந்தப் பொருளைப் பிரிக்கிறவராக இருந்தாலும், மற்றதெல்லாம் செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்பேன். வெளிச்சத்தில் மூடாமல் கிடக்கும் அட்டை வெளுத்துவிடும். ஆகவே ஒரே மாதிரி இரண்டு அச்சடித்து, ஒன்றை இருட்டில் பூட்டிவைத்து, அவ்வப்போது இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளவேண்டும்.

மார்கழி: மணி வீணாக அடித்தது

அடுத்ததாக மணியை நம்பினோம். எலுமிச்சை முற்றினாலும் வெப்பக் காலத்தில் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். இரவில் குளிர் விழத் தொடங்கினால்தான் தோலின் பச்சை கரைந்து மஞ்சள் ஏறும். ஆகவே மார்கழியில் வரிசையில் மஞ்சள் கூடும். ஆவணியில் நாங்கள் எடுத்துவைத்த அளவில் 100 காய்க்கு 70 பச்சை, 20 இளமஞ்சள், 10 மஞ்சள். மார்கழியில் அது 40, 35, 25 ஆனது.

இந்த மாற்றத்தை ஒரே எண்ணாகச் சொல்ல பிஎஸ்ஐ என்ற அளவு பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் இன்றைய பங்கிலிருந்து பழைய பங்கைக் கழித்து, அதை இரண்டின் விகிதத்தின் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவது.

```python
import numpy as np

def psi(old, new):
    old = np.clip(old, 1e-4, None)
    new = np.clip(new, 1e-4, None)
    return np.sum((new - old) * np.log(new / old))

print(psi(np.array([.70, .20, .10]),
          np.array([.40, .35, .25])))   # 0.389
```

வங்கிக் கடன் மதிப்பீட்டுத் துறையிலிருந்து வந்த வழக்கப்படி 0.1-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 0.25-ஐத் தாண்டினால் பெரிய மாற்றம். எங்களுக்கு 0.389. மணி அடித்தது. ஆள் வைத்து இரண்டாயிரம் காயைத் தரம் குறித்து மறுபயிற்சிக்குத் தயாரானோம். குறித்து முடித்த பிறகு பார்த்தால், பழைய மாடலே மஞ்சள் காயிலும் நூற்றுக்கு 92 சரியாகச் சொல்கிறது. சொறிக்கும் அழுகலுக்கும் அது பார்ப்பது புள்ளியையும் ஓரத்தையும். பின்னணி பச்சையா மஞ்சளா என்பதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. நான்கு நாள் கூலி கொடுத்து, ஒன்றும் மாறவேண்டாம் என்று தெரிந்துகொண்டோம்.

பிஎஸ்ஐ-க்குப் பதில் கோல்மோகோரோவ்–ஸ்மிர்னோவ் சோதனை வைத்தால் தொல்லை இன்னும் கூடும். ஒரு நாளின் 40,000 காயை இன்னொரு நாளின் 40,000 காயோடு ஒப்பிட்டால், இரண்டு பரவல்களுக்கும் இடையே நூற்றுக்கு ஒன்று அளவு இடைவெளி வந்தாலே அந்தச் சோதனை வேறுபாடு உண்டு என்று சொல்லிவிடும். கணக்காக அது சரியே. இரண்டு தோட்டத்துக் காய் ஒரே நிறத்தில் இருக்காது என்பதும் உண்மையே. ஆனால் தினமும் அடிக்கும் மணியை மூன்றாம் வாரம் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

அதற்காக மணியை எடுத்துவிடவில்லை. மணி அடித்தால் முதலில் அட்டையைப் பார்ப்பது, அடுத்து அன்றைய கூடையில் கூடுதலாகக் காய் எடுப்பது, இவ்வளவுதான் இப்போது செய்கிறோம். மறுபயிற்சிக்கு மணி மட்டும் காரணமாக இருக்க விடுவதில்லை.

சித்திரை: மணி அடிக்கவே இல்லை

வீணாக அடிக்கும் மணியைவிட, அடிக்கவேண்டிய நேரத்தில் மௌனமாக இருக்கும் மணிதான் ஆபத்து. அதைக் கோடையில் பார்த்தோம்.

கோடையில் எலுமிச்சைக்குத் தேவை ஏறும், விலையும் ஏறும். அப்போது வெளியூர் வியாபாரிகள் தோலில் லேசான சொறி இருந்தாலும் முதல் தரத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். அண்ணாச்சி ஒரு காலையில் தரம் பார்க்கும் பெண்களிடம், "ரெண்டு மூணு புள்ளி இருந்தாக் கழிக்காதீங்க, மேல போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடலிடம் யாரும் சொல்லவில்லை. காயும் அதே காய், விளக்கும் அதே விளக்கு, நிறமும் அதே நிறம். பிஎஸ்ஐ 0.03. படங்களை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் இந்த மாற்றம் தெரியாது. ஏனென்றால் அது படத்தில் நடக்கவில்லை. அதே படத்துக்கு உரிய விடை மாறியிருந்தது. கருத்து டிரிஃப்ட் என்று இதைத் தனியாகப் பிரித்துச் சொல்வார்கள்.

அந்த வாரம் கூடைக் கணக்கில் சரி 93-லிருந்து 84-க்கு இறங்கியிருந்தது. தவறுகளைப் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே ஒரே திசையில்: மாடல் ஊறுகாய் என்றது, கை முதல் தரம் என்றது. ஒரே திசையில் தவறு குவிந்தால் கருவியையோ காயையோ சந்தேகிப்பதற்கு முன், யாராவது விதியை மாற்றினார்களா என்று கேட்டுவிடவேண்டும். கேட்டோம், தெரிந்தது.

அப்புறம் நாங்கள் செய்த தவறுதான் பெரியது. உடனே மறுபயிற்சி கொடுத்தோம். பழைய படக் குவியலில் லேசான சொறிக் காய்களெல்லாம் ஊறுகாய் என்று குறிக்கப்பட்டிருந்தன. புதிதாகச் சேர்த்த சில நூறு படங்களில் அதே போன்ற காய்கள் முதல் தரம். ஒரே கேள்விக்கு இரண்டு விடை எழுதிக் கொடுத்த பாடப்புத்தகம் அது. மாடல் பழைய பக்கம் பாதி, புதிய பக்கம் பாதி என்று தடுமாறியது. பழையதை எல்லாம் தள்ளிவிட்டுப் புதியதில் மட்டும் பயிற்சி கொடுத்தால், மார்கழி மஞ்சளையும் மழைக்காலச் சொறியையும் மறந்துவிடும். ஆனி பிறந்து விலை இறங்கினால் அண்ணாச்சி விதியைத் திரும்ப மாற்றுவார், மறுபடி முதலிலிருந்து.

இதற்கு விடை மறுபயிற்சி அட்டவணையில் இல்லை, ஒவ்வொரு படத்துக்கும் நாங்கள் குறித்துக் கொடுக்கும் பெயரில், அதாவது லேபிளில் இருந்தது. தரம் என்பது சந்தையின் சொல். அது விலையோடு ஆடும். சொறி என்பது காயின் நிலை, அது ஆடாது. ஆகவே மாடலுக்கு நாங்கள் இப்போது தரத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. சொறி இல்லை, லேசான சொறி, பரவலான சொறி, அடிபட்டது, அழுகல் என்று காயின் நிலையைத்தான் குறிக்கிறோம். எந்த நிலைக் காய் எந்தத் தட்டுக்கு என்பது தனியாக ஐந்து வரி அட்டவணை. சித்திரையில் அண்ணாச்சி விதியை மாற்றினால் அட்டவணையில் ஒரு வரி மாறும், மாடல் தொடப்படாது. பழைய படக் குவியல் முழுவதையும் மறுபடி குறிக்க ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அடுத்த கோடையில் விதி மாறிய அன்றே வரிசையும் மாறியது.

இரண்டாவது கிடங்குக்கு நான் அண்ணாச்சியிடம் வற்புறுத்திய ஒரே விஷயம் இதுதான். எந்த வழியில் மறுபயிற்சி கொடுத்தாலும், லேபிள் தரமாக இருக்கக்கூடாது, நிலையாக இருக்கவேண்டும்.

கூடையை எப்படி நிரப்புவது

மூன்று சம்பவங்களிலும் உண்மையைச் சொன்னது கையால் தரம் பார்த்த கணக்குதான்; கூடை தருவதும் அதைத்தான். ஆனால் கூடையைத் தப்பாக நிரப்பினால் அதுவும் பொய் சொல்லும்.

எங்கள் முதல் கூடை பொய்தான் சொன்னது. முதல் தரத் தட்டின் கடைசியில் நிற்கும் பெண்கள் தப்பாக வந்த காயைப் பொறுக்கி எடுப்பார்கள். அதை எண்ணினால் போதும் என்று நினைத்தோம். அந்தக் கணக்கில் முதல் தரத்துக்குள் தப்பி வந்த கெட்ட காய் மட்டும்தான் தெரியும். கழிவுத் தொட்டிக்குப் போன நல்ல காயை யார் பார்த்தது? மாடல் தீர்ப்புச் சொல்லிப் பிரித்த பிறகு எடுக்கும் சாம்பிள் எப்போதும் ஒரு பக்கக் கதைதான். எனவே கேமராவைத் தாண்டியதும், தட்டுகளுக்குப் பிரியும் முன்னால், கணினி குலுக்கிப் போட்டு எடுக்கும் காயைக் காற்றுக் குழாய் தனியாக ஒரு கூடையில் தள்ளுகிறது. நாளைக்கு 70 காய்.

ஐந்நூறாவது காய், ஆயிரமாவது காய் என்று எண்ணி எடுக்கவேண்டாம். ஆறு தடங்களில் வரிசையாகக் காய் எண்ணப்படும்போது, 600-க்கு ஒன்று என்று எடுத்தால் எப்போதும் ஒரே தடத்துக் காய்தான் விழும். மூன்றாம் தடத்து விளக்கு மங்கினால் அந்தக் கூடைக்குத் தெரியவே தெரியாது. குலுக்கல்தான் வேண்டும்.

கூடையை மாலையில் ஆச்சி பார்ப்பார். நாற்பது வருடமாகக் காய் பொறுக்குகிறவர். காயைக் கையில் எடுத்து, உருட்டி, காம்புப் பக்கம் லேசாக அமுக்கிப் பார்த்துச் சொல்வார், பையன் எழுதிக்கொள்வான். படத்தைத் திரையில் காட்டித் தரம் கேட்கக்கூடாது. உள்ளே இளகத் தொடங்கிய காய் படத்தில் நல்ல காயாகத்தான் இருக்கும், விரலுக்குத்தான் தெரியும். மாடல் என்ன சொன்னது என்பதையும் முன்கூட்டியே காட்டக்கூடாது. ஒரு தடவை தெரியாமல் காட்டிவிட்டோம். அந்த வாரம் சரி 97. ஆச்சியே அப்புறம் சொன்னார்: "மிஷினு நல்ல காயின்னு சொல்லியிருக்கு, நான் எதுக்குக் கழிக்கணும்னு விட்டுட்டேன் ய்யா." வாரம் ஒருமுறை இருபது காயை இன்னொருவரிடமும் கொடுத்துப் பார்க்கிறோம். லேசான சொறிக்கும் பரவலான சொறிக்கும் நடுவே இரண்டு பேரும் அடிக்கடி மாறுபடுவார்கள். மனிதர்களே மாறுபடும் இடத்தில் மாடலிடம் நூற்றுக்கு நூறு எதிர்பார்க்கக்கூடாது.

எழுபது காய் போதுமா என்றால், ஒரு நாளைக்குப் போதாது, ஒரு வாரத்துக்குப் போதும். ஆறு நாளில் 420 காய். உண்மையான சரி 93 என்றால், 420 காயில் எண்ணும்போது தற்செயலாகவே இரண்டரை புள்ளி மேலும் கீழும் ஆடும். 100 காய் மட்டும் என்றால் ஐந்து புள்ளி ஆடும். திங்கட்கிழமைக் கூடையில் 88 வந்தது என்று பதறி மறுபயிற்சி கொடுத்தால் தற்செயலுக்குப் பயிற்சி கொடுத்ததாகிவிடும். எங்கள் விதி இது: வாரக் கணக்கு 89-க்குக் கீழே போனால் உடனே விசாரணை, 90-ஐ ஒட்டி இருந்தால் அடுத்த வாரமும் பார்த்துவிட்டு முடிவு.

அழுகலுக்கு இந்தக் கணக்கு உதவாது. அழுகல் காய் நூற்றுக்கு நான்கு வந்தால், 420-ல் பதினேழுதான் இருக்கும். பதினேழில் இரண்டு தப்பியதா மூன்று தப்பியதா என்பதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. ஆனால் மூட்டைக்குள் போன ஒரே ஓர் அழுகல் காய் பக்கத்துக் காய்களையும் கெடுக்கும். இருப்பதிலேயே செலவு மிகுந்த தவறு அதுதான். எனவே அழுகலை மட்டும் நான்கு வாரம் சேர்த்து எண்ணுகிறோம். அதோடு மாடல் சந்தேகப்படும் காய்களைத் தனியாக இன்னொரு கூடையில் பிடிக்கிறோம்.

இந்த இரண்டாவது கூடை பாடத்துக்கு மட்டும். மாடல் தடுமாறும் காயில்தான் அதற்குக் கற்க நிறைய இருக்கிறது. ஆகவே பயிற்சிக்கு அது பொன். ஆனால் சந்தேகக் காயை வைத்துச் சரியை அளந்தால் மாடல் எப்போதும் மோசமாகத்தான் தெரியும். குலுக்கல் கூடை பரீட்சை, சந்தேகக் கூடை பாடம். இரண்டையும் கலக்கக்கூடாது. பரீட்சைக் காய்களை நான்கு வாரம் கழித்து, அவற்றின் வேலை முடிந்த பிறகு பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

தேதிக்கு உரிய இடம்

கூடை இருந்தாலும் தேதியை முழுக்க விட்டுவிடவில்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபயிற்சி முயற்சி செய்கிறோம். முயற்சிதான், புது மாடல் வரிசையில் ஏறுவது தானாக நடப்பதில்லை. பயிற்சிக்கான படங்களில் பாதி கடந்த எட்டு வாரத்தவை, மறுபாதி பழைய பருவங்களிலிருந்து சமமாக எடுத்தவை. இல்லையென்றால் ஆடியில் பயின்ற மாடலுக்கு மார்கழி மறந்துபோகும்.

பிரிக்கும்போது ஒரு கண்ணி உண்டு. ஒரே காய்க்கு ஐந்தாறு படம் இருக்கிறது. படங்களைக் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், அதே காய் இரண்டு பக்கமும் இருக்கும். சோதனையில் 98 வரும், வரிசையில் 90 வரும். காய் வாரியாகப் பிரிக்கவேண்டும். அதையும் தேதி வாரியாக, கடைசி வாரத்தைச் சோதனைக்கு ஒதுக்கிப் பிரிக்கவேண்டும்.

கடைசி வாரப் பரீட்சைக் கூடை 420 காயை பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும் கொடுக்கிறோம். இரண்டும் ஒத்துப்போகும் காய்களால் முடிவுக்கு ஒரு பயனும் இல்லை. மாறுபடும் காய்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதில் மாறுபட்டு, 27-ல் புதியது சரி, 13-ல் பழையது சரி என்றால் மாற்றலாம். 22-க்கு 18 என்றால் அது காசு சுண்டியதுபோலத்தான், பழையதே இருக்கட்டும். கூடவே ஒவ்வொரு பருவத்திலும் எடுத்து, மாற்றாமல் தனியாக வைத்திருக்கும் படத் தொகுதிகளிலும் புதியது பழையதைவிட இரண்டு புள்ளிக்கு மேல் விழக்கூடாது. தேறினால் இரண்டு நாள் பின்னணியில் மட்டும் ஓடும், குழாயைத் தொடாது. அப்புறம்தான் ஏறும். பழைய கோப்பு அழிக்கப்படாது. ஒரு நிமிடத்தில் திரும்பிப் போகும்படி வைத்திருக்கிறோம்.

கடந்த பன்னிரண்டு முயற்சிகளில் புது மாடல் ஏறியது ஐந்து முறைதான். மீதி ஏழிலும் மாற்றாமல் விட்டது வீண் வேலை ஆகவில்லை. தேதி வழியில் அந்த ஏழும் கண்ணை மூடிக்கொண்டு ஏறியிருக்கும்.

காற்றாலைக்காரர் கேட்டால் வேறு பதில்

எல்லா இடத்துக்கும் கூடை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலை வைத்திருக்கும் ஒரு நண்பர், நாளைய மின் உற்பத்தியைக் கணிக்கும் மாடலுக்கு இதே கேள்வியைக் கேட்டார். அவருக்குத் தேதி வழியே நல்லது. மின் கட்டமைப்பில் ஒரு நாளை 15 நிமிடமாக 96 துண்டாகப் பிரித்துக் கணக்கு வைக்கிறார்கள். மாடல் கணித்த அளவும் மீட்டர் காட்டிய அளவும் அன்றே பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். ஆச்சியும் வேண்டாம், கூடையும் வேண்டாம். சரியான விடை இலவசமாகவே வருகிறது. ஆடிக் காற்று தொடங்கும்போதும் அடங்கும்போதும் வாரம் ஒருமுறை மறுபயிற்சி கொடுத்தால்கூடச் செலவில்லை.

அவருக்கும் ஒரு பொறி இருக்கிறது. வாங்கிக்கொள்ள இடமில்லை, உற்பத்தியைக் குறை என்று கட்டுப்பாட்டு மையத்திலிருந்து சொன்னால், காற்று பலமாக அடித்தாலும் மீட்டர் குறைவாகக் காட்டும். அந்த நேரத்துத் துண்டுகளைத் தள்ளாமல் பயிற்சிக்குக் கொடுத்தால், பலத்த காற்றில் மின்சாரம் குறையும் என்று மாடல் கற்றுக்கொள்ளும். எங்கள் மங்கல் கண்ணாடிக் கதைதான் அது.

எனவே அண்ணாச்சியின் கேள்விக்கு முன்னால் கேட்கவேண்டியது, சரியான விடை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு செலவில் கிடைக்கிறது என்பது. தானாக வந்தால் தேதி போதும். காசு கொடுத்துக் கையால் வாங்கவேண்டும் என்றால் கூடை. விடை வர மாதக்கணக்கில் ஆகும் தொழில்களில் மட்டும்தான், வேறு வழியில்லாமல், மணியை முன்னால் நிறுத்தவேண்டியிருக்கும்.

இரண்டாவது கிடங்கில் தை மாதம் வரிசை ஓடத் தொடங்கும். அங்கே விளக்கு வேறு, உருளை வேறு என்பதால் முதல் மாதம் கூடையை நாளைக்கு 140 காயாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றே நாளில் 420 சேரும். பழைய கிடங்கிலும் மழை மாதங்களில் இதே 140-க்கு ஏற்றிவிடுகிறோம். காற்றோடு மழை பெய்தால் சொறி தோட்டத்துக்குத் தோட்டம் பரவும். அந்தச் சமயத்தில் ஒரு வாரம் காத்திருந்தால் அதற்குள் எத்தனையோ மூட்டை போய்விடும். அண்ணாச்சி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ ஆச்சிக்கு ஐப்பசி, கார்த்திகைல அரை மணி நேரம் கூலி கூட்டிக் கொடுக்கணும், அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்.